அப்பாஸ் கட்டிங்கும் கழண்ட செயினும்: பழைய செட்டை மேடையில் ஓட்டுவது எப்படி?

முன்னாள் மாணவர் சந்திப்பின் நிகழ்ச்சி நிரல் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, மறைந்தவர்களுக்கு அஞ்சலி, வந்திருக்கும் ஆசிரியர்களுக்குச் சால்வை, பள்ளிக்கு நாற்காலியோ தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரமோ நன்கொடை, ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம். அப்புறம் சாப்பாடு. பாயசம் வரை போய்விட்டு வந்து உட்காரும் கூட்டத்தைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்க ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரே வழிதான் தெரியும். "டேய், நீதான் நல்லாப் பேசுவ. மேல ஏறி எல்லாரையும் கொஞ்சம் ஓட்டிவிடு" என்று ஒருவரைப் பிடித்து மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் குழுக்கள் வந்தபிறகு பழைய செட்டைத் தேடிப்பிடிப்பது எளிதாகிவிட்டது. 2018-இல் வந்த '96' படத்துக்குப் பிறகு, இத்தகைய சந்திப்பு என்றாலே பள்ளிக் காதல் பற்றி யாராவது பேசியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இந்தக் கேலிப் பேச்சுக்கு மூன்று பொருள்கள் நிரந்தரமாகிவிட்டன: அன்றைக்குப் போட்ட உடுப்பு, அன்றைக்கு வெட்டிய முடி, அன்றைக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஆசை.

ஒருவரை நடுவில் உட்காரவைத்து நண்பர்கள் கேலி செய்யும் விருந்துப் பேச்சுக்கு அமெரிக்காவில் 'ரோஸ்ட்' என்று பெயர். நியூயார்க்கில் 1904-இல் தொடங்கிய ஃபிரையர்ஸ் கிளப் என்ற கலைஞர் மன்றம் அதைப் பெரிய சடங்காகவே வளர்த்தது. பிரியமானவர்களை மட்டுமே கேலி செய்வது என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட விதி. நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நலங்கில் மாப்பிள்ளையின் மூக்கையும் நடையையும் பாட்டாகவே பாடிய வீடுகள் நம்முடையவை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சிரிப்பு பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரைக் கேலி செய்வதில் தொடங்கி, சிறுவயதுத்தனம், விவரம் தெரியாமை, தெரிந்தும் தெரியாததுபோல இருப்பது என்று போகும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ ஒன்றைப் பாருங்கள். நான்கும் மூன்று வரிசையில் நிற்கும்.

இருந்தும் இந்தப் பேச்சுகளில் பாதி சொதப்புகிறது. சொதப்பும் இடத்தைக் கவனித்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்பத் தென்படும். ஒருவர் தானாக விரும்பிச் செய்துகொண்டதைக் கேலி செய்தால் அவரே முதலில் சிரிப்பார். அவருக்கு வாய்த்ததைக் கேலி செய்தால் அரங்கம் சிரிக்கும், அவர் சிரிக்கமாட்டார். பட்டப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டைலாகப் பந்து போடப்போய்த் தன் காலிலேயே போட்டுக்கொண்டதால் வந்த பெயரை இன்றைக்கும் மைக்கில் சொல்லலாம். நிறத்துக்காக, உடம்புக்காக, திக்குவாய்க்காக, அப்பாவின் தொழிலுக்காக வைத்த பெயரை மேடையில் சொன்னால், அதை மறக்க அவருக்கு ஆன வருஷங்கள் அத்தனையும் வீண். சாதியை நினைவூட்டும் பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உடுப்புக்கு வருவோம். ஒரு வகுப்பைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம்: 1997 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய செட். பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட். பெண்களுக்கு நீலத் தாவணி. சீருடை இருக்கும் இடத்தில் ஃபேஷனுக்கு என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அந்தச் சீருடைக்குள் ஃபேஷனை எப்படி நுழைத்தார்கள் என்பதுதான் பேச்சாளருக்குக் கிடைக்கும் புதையல். 1994-இல் 'காதலன்' வந்ததிலிருந்து பிரபுதேவாவின் தொளதொள பேண்ட் எல்லார் கண்ணிலும் இருந்தது. டெய்லரிடம் ரகசியமாகச் சொல்லி, இடுப்பில் மூன்று பிளீட் வைத்து, காக்கித் துணியிலேயே பாகி தைத்துக்கொண்டவர்கள் உண்டு. காற்றடித்தால் கொடிக்கம்பத்துக்குப் போட்டியாக இரண்டு கால்களும் படபடக்கும். சட்டைக் காலரைத் தூக்கிவிடுவது, கையை முழங்கைக்கு மேல் மூன்று மடிப்பு மடிப்பது, பெல்ட்டின் வால் தொங்கும்படி விடுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

பெண்கள் பக்கம் நுணுக்கம் இன்னும் கூடுதல். ரிப்பனின் அகலம், ஸ்டிக்கர் பொட்டின் வடிவம், ரவிக்கையின் பஃப் கை எத்தனை கொசுவம் என்று எல்லாவற்றிலும் போட்டி இருந்தது. 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்தபோது நதியா போட்டிருந்த கம்மலும் கிளிப்பும் ஊரெல்லாம் அவர் பெயரிலேயே விற்றன. அந்தக் காலத்து அக்காக்களின் பெட்டியிலிருந்து அவை 1990-களின் தங்கைகளுக்கும் வந்து சேர்ந்தன. இதெல்லாம் உச்சத்துக்குப் போகும் நாள் ஒன்றுண்டு: 'கலர் டிரஸ்' போட்டு வரலாம் என்று பள்ளி அனுமதிக்கும் நாள். பிறந்தநாள், சுற்றுலா, ஆண்டுவிழா. ஒரு மாணவன் கலர் டிரஸ்ஸில் எப்படி வந்தான் என்பதை வைத்தே ஒரு நிமிடம் பேசலாம்.

மேடையில் இதை எப்படிச் சொல்வது? "அப்பல்லாம் நம்ம டிரஸ் எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று பொதுவாக ஆரம்பித்தால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. இதற்கு ஓர் ஆய்வுச் சான்றே இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் 2000-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூச்சப்படவைக்கும் படம் போட்ட பனியன் ஒன்றை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டிருந்தவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம் கோமாளித்தனத்தை ஊரே பார்த்தது என்பது பெரும்பாலும் நம் நினைப்பு. ஆகவே 1996-இல் ஒருவர் போட்ட மஞ்சள் சட்டை அவருக்கு மட்டும்தான் நினைவிருக்கும், அரங்கத்துக்கு நினைவிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்கோ கணவருக்கோ தெரியவே தெரியாது. பேச்சாளர்தான் அந்தச் சட்டையை மறுபடி நெய்து காட்ட வேண்டும். குரூப் போட்டோவைத் திரையில் பெரிதாகக் காட்ட முடிந்தால் வேலை பாதி முடிந்தது.

உடுப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதே வகுப்பில் பாகி பேண்ட் போட்ட எல்லாரும் பிரபுதேவா ரசிகர்கள் அல்ல. "வளர்ற பையன், தாராளமா விட்டுத் தைங்க" என்று அப்பா டெய்லரிடம் சொன்னதால் பாகியானவர்களும் இருந்தார்கள். அண்ணன் போட்டு மிஞ்சிய சட்டை, யாரோ கொடுத்த பேண்ட், தோள் இறங்கிப்போன ரவிக்கை இவையெல்லாம் போட்டோவில் ஃபேஷன் மாதிரியேதான் தெரியும். எது எது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால் அந்த ஆளைத் தொடாதீர்கள். வேண்டுமானால் அந்த 'வளர்ற பையன்' விஷயத்தை மொத்த வகுப்புக்கும் பொதுவாகச் சொல்லலாம்: "நம்ம செட்ல பாகி ரெண்டு வகை. ஒண்ணு பிரபுதேவா தைக்கச் சொன்னது, இன்னொண்ணு அப்பா தைக்கச் சொன்னது. முதல் வகை ஒரு வருஷத்துல பழசாயிடுச்சு. ரெண்டாவது வகை பன்னெண்டாவது வரைக்கும் வந்துச்சு." இதில் யாரும் தனியாக மாட்டமாட்டார்கள். கையில் காசில்லாத வீடு, காசிருந்தும் சிக்கனமான வீடு இரண்டும் சேர்ந்தே சிரிக்கும்.

முடிதான் இருப்பதிலேயே பத்திரமான பொருள். தலைமுடி மறுபடி வளர்ந்துவிட்டது, குற்றவாளி சினிமா நடிகர், தீர்ப்பு சொன்னவர் தலைமையாசிரியர். எல்லாருக்கும் பங்கிருக்கிறது.

அன்றைக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பையனைச் சலூனுக்குக் கூட்டிப்போவார். சின்ன வயதில் நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு உட்காரவைப்பார்கள். சுவர் முழுக்க நடிகர் படங்கள். எந்தப் படத்தைக் காட்டி "இந்த மாதிரி" என்று கேட்டாலும், சலூன் அண்ணன் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவைத்தான் பார்ப்பார். அப்பா தலையைத் தூக்காமலே "ஒட்ட வெட்டுங்க" என்பார். வழக்கு முடிந்தது. சலூனுக்குத் தனியாகப் போகும் வயது வந்ததுதான் அந்தத் தலைமுறைப் பையன்களுக்கு முதல் சுதந்திரம். பத்தாம் வகுப்பு அதற்கு ஏறக்குறைய சரியான காலம்.

நம் கற்பனை வகுப்புக்கு அந்தச் சுதந்திரம் வந்த நேரத்தில், 1996 ஆகஸ்டில், 'காதல் தேசம்' வந்தது. நடு வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் நெற்றியில் விழுந்து ஆடும் அப்பாஸின் முடி அன்றைய பையன்களைப் பிடித்து ஆட்டியது. பள்ளி திறந்திருக்கும்போது முடி வளர்க்க முடியாது. காலாண்டு விடுமுறைதான் ஒரே வாய்ப்பு. விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் பிரேயரில் யார் எவ்வளவு வளர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பையன்களும் காத்திருப்பார்கள், பிரம்போடு தலைமையாசிரியரும் காத்திருப்பார். இந்தப் பின்னணியை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், குடும்பத்தோடு வந்திருக்கும் வெளியாட்களுக்கும் கதை புரியும். பிறகு ஆளைப் பிடிக்கலாம். எல்லா வகுப்பிலும் குறைந்தது இரண்டு குமார் இருந்தார்கள் என்பதால், ஒரு குமாரை எடுத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகலாம்:

"குமாரு, எந்திரிச்சு நில்லுடா, எல்லாரும் பாக்கட்டும். காலாண்டு லீவு முடிஞ்சு இவன் உள்ள வந்தப்ப நாங்க அசந்துட்டோம். நடு வகிடு. ரெண்டு பக்கமும் முடி கண்ணை மறைக்குது. எதிர்ல வர்ற சைக்கிள் தெரியாம சுவத்துல போய் முட்டுறான், ஆனா வகிடு கலையல. நம்ம ஊருக்கு அப்பாஸ் வந்துட்டார்னு எல்லாரும் நம்பினோம். ஹெச்.எம். ஒருத்தர்தான் நம்பல. பிரேயர்ல முன்னாடி கூப்பிட்டு, சொந்தப் பாக்கெட்லேர்ந்து காசு எடுத்துக் குடுத்து, 'போய் வெட்டிட்டு வா'ன்னார். முதல் பீரியட்ல அப்பாஸா போனவன், மூணாவது பீரியட்ல என்.சி.சி. கேடட்டா திரும்பி வந்தான்."

இங்கே சிரிப்பு வரும். பேச்சாளர்கள் பலர் இங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. கதை இன்னும் 1996-இலேயே நிற்கிறது. குமாரை இன்றைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும்:

"போன வாரம் இவனுக்கு போன் பண்ணேன். பின்னாடி ஒரே சத்தம். இவன் பையன் ரெண்டு பக்கமும் வழிச்சுட்டு, நடுவுல மட்டும் கூரை போட்ட மாதிரி ஒரு கட்டிங் பண்ணிட்டு வந்து நிக்கிறானாம். 'இதெல்லாம் ஒரு கட்டிங்கா, போய் ஒழுங்கா வெட்டிட்டு வா'ன்னு இவன் கத்துறான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஹெச்.எம். குரல் அப்படியே இருந்துச்சு."

முதல் பாதியில் குமார் கேலிக்கு ஆளாகிறார். இரண்டாம் பாதியில் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஐம்பது அப்பாக்களும் அவரோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். தலைமையாசிரியர் வந்திருந்தால் இன்னும் நல்லது, அவர் சிரிப்பதைப் பார்க்க எல்லாரும் திரும்புவார்கள். "எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு" என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்திவிட்டுக் கடைசி வரியைச் சொல்ல வேண்டும். 'ஹெச்.எம். குரல்' என்ற விஷயம் வாக்கியத்தின் முன்னால் வந்துவிட்டால் சிரிப்பு வராது. நகைச்சுவை எழுதுகிறவர்கள் எல்லாரும் காப்பாற்றும் ரகசியம் இவ்வளவுதான்: சிரிப்பை உண்டாக்கும் சொல்லைக் கடைசியில் வை, அதற்குப் பிறகு வாயைத் திறக்காதே.

பெண்களின் முடிக்கதையைச் சொல்ல ஒரு பெண் வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று தானே நெற்றி முடியை வெட்டிக்கொண்டு, அது புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே ஒரு பக்கமாக ஏறிப்போய், மறுநாள் அம்மா எண்ணெயை அப்பி கிளிப் போட்டு அமுக்கி அனுப்பிய கதை எல்லாச் செட்டிலும் ஒன்றாவது இருக்கும். அதை அவர் சொன்னால்தான் சுவை.

முடியிலும் ஒரு விலக்கு உண்டு. மொட்டை. பழனிக்கோ சமயபுரத்துக்கோ போட்ட மொட்டையோடு குரூப் போட்டோவில் நிற்பவரை ஓட்டலாம். அந்த வருஷம் வீட்டில் துக்கம் நடந்ததால் மொட்டை போட்டவரும் அதே போட்டோவில் நிற்கக்கூடும். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்காதீர்கள். இன்றைய வழுக்கையைப் பற்றிய ஜோக்கை, அரங்கில் பாதித் தலைகள் அப்படி என்பதால், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்தான். ஆனால் அது எல்லா மேடையிலும் வரும் ஜோக், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

இனி கஷ்டமான பகுதி. உடுப்பும் முடியும் போட்டோவில் இருக்கும் பொதுச் சொத்து. 'சைட்', 'ஆளு', 'ரூட்' என்று அன்றைக்குப் பேசிக்கொண்ட சமாசாரம் அப்படி இல்லை. அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஆசைப்பட்டவர், அது அவர் செய்தது. இன்னொருவர் ஆசைப்படப்பட்டவர். அவர் எதுவும் செய்யவில்லை. அவருக்கு அது வாய்த்தது, பல சமயம் தெரியாமலே. ஆகவே கேலி முழுவதும் ஆசைப்பட்டவர் மேல்தான் விழ வேண்டும், மற்றவரின் நிழல்கூட மேடையில் படக் கூடாது.

இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குச் சிறு ஊர்களில் ஒரு பையன் பெயரையும் ஒரு பெண் பெயரையும் சேர்த்துக் கழிப்பறைச் சுவரில் கரியால் எழுதினால், பையனுக்கு அது பெருமை. பெண்ணுக்குப் படிப்பு நின்றுபோகும். வீட்டுக்குச் சேதி போன வாரமே பள்ளிக்கு வருவதை நிறுத்தி, அடுத்த வருஷம் கல்யாணம் முடித்துவிட்ட வீடுகள் உண்டு. அப்படி நின்றுபோன ஒருவர் இத்தனை வருஷம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, வீட்டில் பேசி அனுமதி வாங்கி, சந்திப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கலாம். மேடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே அதே சுவரெழுத்தை மறுபடி எழுதினால் அவருக்கு எப்படி இருக்கும்? பல சந்திப்புகளில் முதல் வருஷம் வந்த பெண்கள் அடுத்த வருஷம் வராமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அதற்காக இந்தப் பகுதியையே விட்டுவிடவும் வேண்டாம். ஆளைத் தொடாமல் ஆட்டத்தைச் சொல்லலாம். 'ஃபிளேம்ஸ்' நினைவிருக்கிறதா? இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி, பொதுவான எழுத்துகளை அடித்துவிட்டு, மிச்ச எழுத்துகளை எண்ணி, அந்த எண்ணை வைத்து ஃப்ரெண்ட், லவ், அஃபெக்‌ஷன், மேரேஜ், எனிமி, சிஸ்டர் என்ற ஆறில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் மிஞ்சுவது விதி. உட்கார்ந்து கணக்குப் போட்டால் அந்த விதியின் இரகசியம் வெளிவந்துவிடும். மிச்ச எழுத்து ஆறு என்றால் மேரேஜ். பதினொன்று என்றாலும் மேரேஜ். ஏழு வந்தால் எனிமி. ஒன்று வந்தால் சிஸ்டர். இதை மேடையில் இப்படிச் சொல்லலாம்: "ஏழு எழுத்து மிஞ்சினா எனிமி. இனிஷியலை எடுத்துட்டா ஆறு, கல்யாணம். கணக்குல முப்பத்தஞ்சு வாங்க முடியாத நம்ம பசங்க இதை மட்டும் தானா கண்டுபிடிச்சு, பெத்த அப்பன் பேரையே அடிச்சுட்டானுங்க." யார் பெயரும் வரவில்லை. ஆனால் அரங்கத்தில் இனிஷியலை இழந்த அத்தனை அப்பாக்களுக்கும் நியாயம் கிடைத்துவிடும்.

ஒரு தனி ஆளின் கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்றால், முதலில் அவருக்குப் போன் செய்ய வேண்டும். "மாப்ள, அந்தச் சைக்கிள் மேட்டரைச் சொல்லட்டுமா? உன் வீட்டுக்காரங்க வர்றாங்களா? அவங்களுக்குத் தெரியுமா?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் வராமல் அந்தக் கதை தாளில் ஏறக் கூடாது. அடுத்து, அந்தப் பெண் யார் என்று ஊகிக்க உதவும் எல்லாவற்றையும் கதையிலிருந்து உருவிவிட வேண்டும்: எந்த பிரிவு, எந்தத் தெரு, அவருடைய சைக்கிளின் நிறம், அப்பாவின் வேலை எதுவும் வேண்டாம். உருவிய பிறகு என்ன மிஞ்சும் என்று கவலைப்படாதீர்கள். மிஞ்சுவது இது:

"சாயங்காலம் டியூஷன் விடுற நேரம். நம்மாளு சைக்கிள் செயின் கரெக்டா ஒரு திருப்பத்துல கழண்டுரும். டெய்லி. மழை வந்தாலும் கழறும், வெயில் அடிச்சாலும் கழறும், ஞாயித்துக்கிழமை மட்டும் கழறாது. சைக்கிள் கடை அண்ணன் பாத்துட்டு செயின்தான் பழசுன்னு புதுசு மாட்டினார். கழண்டுச்சு. பல்சக்கரத்தை மாத்தினார். கழண்டுச்சு. அவங்க அப்பா பொறுக்கமாட்டாம புது சைக்கிளே வாங்கிக் குடுத்தார். புது சைக்கிள் செயினும் அதே திருப்பத்துலதான் கழண்டுச்சு."

இதைச் சொல்லும்போது கூட்டத்திலிருந்து "யாரு? யாருக்காக?" என்று கட்டாயம் குரல் வரும். அதற்குப் பதில் கையோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பேச்சாளரின் கண் தானாகப் பெண்கள் வரிசைக்குப் போய்விடும், அது பெயர் சொன்னதற்குச் சமம். "எங்களுக்குத் தெரிஞ்சது சைக்கிள் மட்டும்தான்" என்று சொல்லி, அந்த நண்பரையே பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். அவர் இன்றைக்கு எங்கேனும் மெக்கானிக்காகவோ பொறியாளராகவோ இருந்தால் முடிவு வரி தானாகக் கிடைத்துவிடும்.

பெண்களுக்குப் பதில் பேசும் வாய்ப்பைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிடம் மைக் அந்தப் பக்கம் போகட்டும். அங்கிருந்து வருவது பெரும்பாலும் அன்றைய நாளின் சிறந்த வரியாக இருக்கும். "அந்தச் செயின் தானாக் கழறலீங்க. குனிஞ்சு கையால கழட்டுனதை நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் போனோம்" என்று ஒரு தோழி எழுந்து சொன்னால், மேலே எழுதிய பத்து வரியும் அதற்கு முன்னுரைதான்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். எட்டு நிமிடம் போதும், ஆறு பேர் போதும். எல்லாரையும் தொட வேண்டும் என்று இருபது பேரைப் பட்டியல் போட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு அடைமொழிதான் மிஞ்சும், கதை மிஞ்சாது. முதல் நிமிடம் உங்களையே ஓட்டிக்கொள்ளுங்கள், உங்கள் போட்டோவைத்தான் முதலில் திரையில் காட்ட வேண்டும். இன்றைக்கு ஊரில் பெரிய ஆளாக இருப்பவரை அதிகமாகவும், வாழ்க்கையில் நொடித்துப் போயிருப்பவரைக் குறைவாகவும் ஓட்டுங்கள். பெரிய ஆளுக்கு அது பிடிக்கும், அவரை இப்போது வேறு யாரும் 'டேய்' போட்டுப் பேசுவதில்லை. அஞ்சலி முடிந்த கையோடு இந்தப் பேச்சை வைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாடாவது இருக்க வேண்டும்.

ஒருவருக்கு வலிக்கிறது என்பதை மேடையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். உண்மையில் ரசிப்பவர் கையை ஆட்டி மறுப்பார், பக்கத்தில் இருப்பவரை அடிப்பார், "பொய்டா" என்று கத்துவார். வலிப்பவர் உதட்டால் சிரித்துவிட்டு, உடனே தன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார், அல்லது போனை எடுத்துக் குனிந்துகொள்வார். அதைப் பார்த்த நொடியே அந்தக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு உங்கள் தலைமேல் ஒரு ஜோக்கைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். "சும்மா தமாஷுக்குத்தான், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி நின்றுவிடாதீர்கள். சிரிக்காமல் இருந்த கொஞ்சநஞ்சப் பேரும் அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

படம்பிடிப்பது பற்றியும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். 2014 டிசம்பரில் மும்பையில் ஏ.ஐ.பி. குழு நடத்திய பெரிய ரோஸ்ட் நிகழ்ச்சி அரங்கில் கைதட்டலோடு முடிந்தது. அடுத்த மாதம் அதன் காணொளி இணையத்தில் வந்தபின்தான் போலீஸ் புகார் வரை போனது, கடைசியில் காணொளியை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஊர் அரங்கிலும் அதேதான். அறுபது பேருக்காகச் சொன்ன கதை ராத்திரிக்குள் சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். உடுப்பையும் முடியையும் யார் வேண்டுமானாலும் படம்பிடிக்கட்டும். மூன்றாவது பகுதி வரும்போது போனைக் கீழே வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் விடுமுறைச் சந்திப்பில் மைக் உங்கள் கைக்கு வரப்போகிறது என்றால் ஒரு வேண்டுகோள். எழுதி முடித்த பேச்சை, நன்றாகச் சிரிக்கும் பையன்களிடம் மட்டும் காட்டிவிட்டு மேடையேறாதீர்கள். வகுப்புத் தோழி ஒருவரிடம் போனில் முழுவதுமாகப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் "இது வேண்டாம்பா" என்கிறாரோ, காரணம் கேட்காமல் அதை அடித்துவிடுங்கள்.